ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று: புதுக்கோட்டைச் சிறு கட்டுநருக்கு எந்தக் கலவை?

ஒரு மூட்டை சிமென்டுக்கு எவ்வளவு மணல், எவ்வளவு ஜல்லி, எவ்வளவு தண்ணீர்? இந்தக் கேள்விக்குக் கட்டுமான உலகம் நூறாண்டுக்கு மேலாக இரண்டு விதமாக விடை சொல்லிவருகிறது. எழுதிவைத்த விகிதப்படி எந்த ஊரிலும் கலக்கலாம் என்பது ஒரு விடை. இது நாமினல் மிக்ஸ். அந்த ஊரில் கிடைக்கும் மணலையும் ஜல்லியையும் சோதித்து, தேவையான வலிமையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு விகிதத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது மற்றொன்று. இது டிசைன் மிக்ஸ். பெரிய பாலங்களிலும் அடுக்குமாடிகளிலும் வழக்கு எப்போதோ இரண்டாவதன் பக்கம் தீர்ந்துவிட்டது. ஆண்டுக்கு நாலைந்து வீடு கட்டும் சிறு கட்டுநர் விஷயத்தில்தான் இன்னும் தீரவில்லை. கல்குவாரிகளும் கிரஷர்களும் உள்ளே, உப்புக்காற்று வீசும் கடற்கரை கிழக்கே என இரண்டு முகம் கொண்ட புதுக்கோட்டை மாவட்டம் இந்தக் கேள்வியைப் பரிசீலிக்க ஏற்ற இடம்.

இரண்டு விடைகள் வந்த வழி

1:2:4, 1:1½:3 போன்ற விகிதங்கள் அனுபவத்தில் பிறந்தவை. ஜல்லிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தை மணலும் சிமென்டும் சேர்ந்த சாந்து நிரப்ப வேண்டும், மணலின் வெற்றிடத்தைச் சிமென்ட் பால் நிரப்ப வேண்டும் என்ற எண்ணமே அவற்றின் அடிப்படை. எண்ணம் சரிதான். ஆனால் அதில் தண்ணீருக்கு இடமே இல்லை.

பிரான்சில் ஃபெரே 1890களில் சிமென்டுக்கும் வெற்றிடத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். 1918-ல் சிகாகோவின் லூயிஸ் கழகத்தில் டஃப் ஆப்ராம்ஸ் வெளியிட்ட முடிவு விவாதத்தையே திருப்பிப் போட்டது. கலவை ஒழுங்காக இறுகும்வரை, வலிமையைத் தீர்மானிப்பது தண்ணீருக்கும் சிமென்டுக்கும் இடையிலான எடை விகிதமே என்றார் அவர். மணல், ஜல்லியின் அளவு அதற்கு அடுத்ததுதான். இன்றைய டிசைன் மிக்ஸ் முறைகள் எல்லாம் இந்த முடிவின் மேல் எழுந்தவை.

இந்தியாவில் கான்கிரீட் வேலைக்கான ஐ.எஸ். 456 தரநிலை 1953-ல் வந்தது. 1957, 1964, 1978, 2000 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. கலவையைக் கணக்கிடும் வழிகாட்டியான ஐ.எஸ். 10262 முதலில் 1982-லும், பிறகு 2009, 2019-லும் வந்தது. 1978 பதிப்பு கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு எம்15-ஐ அனுமதித்தது. 2000 பதிப்பு அதை எம்20 ஆக உயர்த்தியது. நடைமுறையில் 1:2:4 கலவையை எம்15-க்கு இணையாகவே வைத்துப் பேசுவார்கள். ஆகவே அந்தத் திருத்தத்தோடு வீட்டுத் தளத்துக்கு 1:2:4 போடுவது விதிப்படி முடிந்துபோனது. கிராமங்களில் அது முடிந்துவிட்டதா என்பது வேறு விஷயம்.

விதி உண்மையில் எதை அனுமதிக்கிறது

நாமினல் மிக்ஸை ஐ.எஸ். 456 ஒதுக்கிவிடவில்லை. டிசைன் மிக்ஸே விரும்பத்தக்கது, ஏதோ காரணத்தால் அது முடியாதபோது எம்20 வரை, பொறுப்புப் பொறியாளரின் அனுமதியோடு நாமினல் மிக்ஸ் போடலாம், ஆனால் சிமென்ட் கூடுதலாகச் செலவாகக்கூடும் என்கிறது. அதன் அட்டவணைப்படி எம்20-க்கு ஒரு மூட்டை சிமென்ட், மணலும் ஜல்லியும் சேர்த்து உலர்ந்த எடையில் 250 கிலோ, தண்ணீர் 30 லிட்டருக்கு மிகாமல். மணலுக்கு இரு மடங்கு ஜல்லி என்பது பொது வழக்கு. மணலின் பருமனையும் ஜல்லியின் அளவையும் பார்த்து அதை ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டரை மடங்கு வரை மாற்றிக்கொள்ளலாம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அட்டவணை பேசுவது எடையில். இதைக் கன அளவுக்கு மாற்றினால் ஏறத்தாழ 1:1½:3 வரும் என்பதால்தான் அந்த விகிதமும் எம்20-யும் ஒன்று என்ற வழக்கம் நிலைத்தது. அளவுப்பெட்டியால் அளப்பதை விதி இரண்டாம் பட்சமாகவே ஏற்கிறது. எடை போட வழியில்லாத இடத்தில், அதுவும் அந்த மணலும் ஜல்லியும் ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோ நிற்கின்றன என்று முன்பே கண்டறிந்திருந்தால் மட்டுமே அது செல்லும்.

இன்னொரு நெருடலும் விதிக்குள்ளேயே இருக்கிறது. 50 கிலோ சிமென்டுக்கு 30 லிட்டர் தண்ணீர் என்றால் நீர் விகிதம் 0.60. அதே தரநிலையின் நீடித்துழைப்பு அட்டவணையோ, மிக மிதமான சூழலில்கூட கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு 0.55-க்கு மேல் போகாதே என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் வீட்டுத் தளத்துக்கு மூட்டைக்கு 27.5 லிட்டர்தான் உச்சம். நாமினல் மிக்ஸை ஆதரிப்பவர்கள் இதற்குத் திருப்தியான பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

அந்த நீடித்துழைப்பு அட்டவணைதான் சிறு கட்டுநரின் கையைக் கட்டுகிறது. மழை, வெயிலிலிருந்து மறைந்த, கடற்கரையில் இல்லாத கான்கிரீட்டுக்கு எம்20 போதும். மண்ணுக்குள் புதையும் அல்லது மழையில் நனையும் கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு எம்25 வேண்டும். இதை எழுத்துப்படி எடுத்துக்கொண்டால், ஆலங்குடியிலோ கீரனூரிலோ கட்டும் சாதாரண வீட்டின் அஸ்திவாரத் தூணடியும் பிளிந்த் பீமும் எம்25. அவற்றுக்கு நாமினல் மிக்ஸ் கிடையாது. சன்ஷேடுக்கும் அதே நிலை. வீட்டுக்குள்ளிருக்கும் தூண், பீம், மேலே தட்டோடு பதித்து மூடிய தளம் ஆகியவை மட்டுமே எம்20-க்குள் வரும்.

எம்25 வேண்டுமென்றால் 1:1:2 போட்டால் ஆயிற்று என்பது சில தளங்களில் கேட்கும் பதில். இப்போதைய தரநிலையின் நாமினல் அட்டவணை எம்20-யோடு நின்றுவிடுகிறது. மேலும் 1:1:2 கலவையில் ஒரு கன மீட்டருக்கு 9 மூட்டைக்கு மேல், ஏறத்தாழ 470 கிலோ சிமென்ட் போகும். சுருக்க விரிசலை அஞ்சி விதி வைத்திருக்கும் 450 கிலோ வரம்பையே அது தாண்டிவிடுகிறது. சிமென்ட் கூடக் கூட நல்லது என்ற நம்பிக்கை இங்கே எதிர்மாறாக வேலை செய்கிறது.

சட்டியில் அளப்பதன் பலவீனம்

நாமினல் மிக்ஸின் மீதான வலுவான குற்றச்சாட்டு விகிதத்தைப் பற்றியதல்ல, அளக்கும் முறையைப் பற்றியது. சட்டியில் தட்டையாக அள்ளுவதும் குவித்து அள்ளுவதும் ஒன்றல்ல. மாலை நாலு மணிச் சட்டி காலைச் சட்டியைப் போல் இருப்பதில்லை. இதை 35 லிட்டர் மரப்பெட்டி ஒன்று செய்துவைத்தே சரிசெய்துவிடலாம், ஏனெனில் ஒரு மூட்டை சிமென்டின் கன அளவும் சுமார் 35 லிட்டர்தான். பெட்டியாலும் தீராத சிக்கல் மணலின் ஈரம்.

ஈர மணல் உப்பும். ஐந்தாறு சதவீத ஈரத்தில் மணலின் கன அளவு கால் பங்கு வரை பெருகிக் காட்டும். 52 லிட்டர் ஈர மணலை அள்ளினால் உண்மையில் கிடைப்பது 42 லிட்டர் உலர் மணல்தான். விகிதம் 1:1½ என்று நினைத்தது 1:1.2 ஆகிவிடுகிறது. மணல் குறைந்த கலவை முரடாக இருக்கும், ஜல்லி தனியே உருளும், மட்டப்பலகைக்கு மசியாது. மேஸ்திரி அதற்குச் செய்யும் வைத்தியம் ஒரு வாளி தண்ணீர். மணலுக்குள் ஏற்கெனவே நாலைந்து லிட்டர் தண்ணீர் ஒளிந்திருப்பது கணக்கில் வராது. தளம் போடும் ஆட்கள் நாள் கூலிக்கன்றி மொத்தமாகப் பேசி வருபவர்கள் என்றால், வேகமாக ஓடும் கலவைதான் அவர்களுக்கு ஆதாயம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உப்புதலைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். நேரான சுவர் கொண்ட ஒரு டப்பாவில் ஈர மணலைத் தளர்வாகப் பாதிக்கு மேல் நிரப்பி உயரத்தைக் குறித்துக்கொண்டு, மணல் மூழ்கும்வரை தண்ணீர் விட்டுக் கிளறினால் மணல் அமுங்கி இறங்கும். 20 சென்டிமீட்டர் 16 ஆக இறங்கினால் உப்புதல் 25 சதவீதம். அன்று 100 லிட்டர் மணல் வேண்டுமிடத்தில் 125 லிட்டர் அள்ள வேண்டும்.

ஆற்று மணலுக்குப் பதில் எம் சாண்ட் வந்தபின் இன்னொரு சிக்கல் சேர்ந்தது. வெள்ளாற்று மணலை மனத்தில் வைத்துப் பழகிய விகிதத்தில், கிரஷரில் உடைத்த மணலை அப்படியே போடுகிறார்கள். எம் சாண்டின் துகள் கூர்மையானது, அதே இளக்கத்துக்கு அதிகத் தண்ணீர் கேட்கும். 75 மைக்ரானுக்குக் கீழான தூள் ஆற்று மணலில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்னும் ஐ.எஸ். 383:2016, உடைத்த மணலுக்கு 15 சதவீதம் வரை இடம் தருகிறது. அந்த 15-க்குள் இருக்கும் நல்ல எம் சாண்டுக்கும், கழுவாத கிரஷர் தூளுக்கும் லாரியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கையில் நனைத்துத் தேய்த்தால் தெரியும், தூள் சேறுபோல் ஒட்டும். மணல் மாறும்போது விகிதமும் மாற வேண்டும் என்ற டிசைன் மிக்ஸ் தரப்பின் வாதம் இந்த இடத்தில்தான் மிக வலுவாக நிற்கிறது.

டிசைன் மிக்ஸ்: சிக்கனம் எங்கிருந்து வருகிறது

டிசைன் மிக்ஸ் சிமென்டை மிச்சப்படுத்தும் என்ற வாதத்தை ஒரு கணக்கால் சோதிக்கலாம். அறந்தாங்கி அருகே உள்நாட்டுக் கிராமம் ஒன்றில் 600 சதுர அடி வீடு, 5 அங்குலத் தளம் என்று வைத்துக்கொள்வோம். கான்கிரீட் ஏறத்தாழ 7 கன மீட்டர். நாமினல் எம்20 ஒரு கன மீட்டருக்குச் சுமார் 7 மூட்டை, அதாவது 350 கிலோ சிமென்ட் எடுக்கும். தளத்துக்கு 49 மூட்டை.

இனி வடிவமைப்பு. ஐ.எஸ். 10262, 20 மில்லிமீட்டர் ஜல்லிக்கும் 50 மில்லிமீட்டர் ஸ்லம்ப்புக்கும் 186 லிட்டர் தண்ணீர் என்று தொடங்குகிறது. கம்பி நெருக்கத்துக்காக ஸ்லம்ப்பை 100 ஆக உயர்த்தினால் தண்ணீர் 197 லிட்டர். எம்25-க்கு உகந்த 0.50 விகிதத்தில் சிமென்ட் 394 கிலோ ஆகிவிடும். இதில் சிக்கனம் எங்கே? பிளாஸ்டிசைசர் சேர்த்துத் தண்ணீரைப் பத்து சதவீதம் குறைத்தால் 177 லிட்டர். சிமென்ட் 355 கிலோ. நாமினல் எம்20-க்குப் போன அதே சிமென்டில் எம்25 கிடைக்கிறது. எம்20 மட்டுமே வேண்டுமென்றால் 0.55 விகிதத்தில் 322 கிலோ போதும். மொத்தத் தளத்தில் மிச்சம் நாலு மூட்டை.

நாலு மூட்டையின் விலைக்கு ஆய்வகத்தில் கலவை வடிவமைக்க முடியாது. ஒரே ஒரு வீட்டுக்கு, செலவைக் குறைக்கவே டிசைன் மிக்ஸ் என்ற வாதம் ஆகவே நிற்காது. ஒரே கிரஷரிலிருந்து ஜல்லியும் எம் சாண்டும், ஒரே வகைச் சிமென்டும் வாங்கி ஆண்டுக்கு நாலைந்து வீடு கட்டுபவருக்குக் கட்டணம் பரவிவிடுவதால் கணக்கு மாறுகிறது. ஆனாலும் உண்மையான ஆதாயம் பணத்தில் அல்ல, அதே சிமென்டில் ஒரு படி உயர்ந்த தரம் கிடைப்பதில்தான். சிக்கனத்தின் மூலம் கணக்கு அல்ல, தண்ணீர் குறைந்ததுதான் என்பதும் இதிலிருந்தே தெரிகிறது.

ஆய்வகம் தரும் தாள் கன மீட்டர் கணக்கில் இருக்கும். அதை மூட்டைக் கணக்குக்கு மாற்றிக் கேட்டு வாங்க வேண்டும். மேற்சொன்ன எம்25 கலவை, பி.பி.சி. சிமென்டுக்கு, ஒரு மூட்டைக்கு ஏறத்தாழ 98 கிலோ எம் சாண்ட், 163 கிலோ ஜல்லி, 25 லிட்டர் தண்ணீர் என்று அமையும். இது அட்டவணையிலிருந்து எடுத்த முதல் மதிப்பீடு மட்டுமே. சோதனைக் கலவை போட்டு, கனசதுரங்கள் வார்த்து, 31.6 என்ற இலக்கு வலிமை வருகிறதா என்று பார்த்த பிறகே அது கலவை ஆகும். 25-ஐ அடைய ஏன் 31.6-ஐ இலக்காக வைக்கிறார்கள் என்றால், தளத்தில் ஒரு கலவைக்கும் அடுத்ததற்கும் இயல்பாக வரும் ஏற்ற இறக்கத்தில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் 25-க்குக் கீழே விழக் கூடாது என்பதற்காக.

டிசைன் மிக்ஸின் பலவீனமும் இதே இடத்தில்தான். மணலில் 5 சதவீத ஈரம் என்றால், மணல் உறிஞ்சிக்கொள்வது போக ஏறத்தாழ 3 லிட்டர் தண்ணீர் ஏற்கெனவே மிக்சருக்குள் போய்விடுகிறது. ஊற்ற வேண்டியது 22 லிட்டர். அதை மறந்து, கூடவே கலவை கட்டியாக இருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் ஊற்றி 30 லிட்டர் உள்ளே போய்விட்டால், விகிதம் 0.60 ஆகி வலிமை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். தண்ணீரை அளக்காத தளத்தில் டிசைன் மிக்ஸ் என்பது வெறும் தாள். அதில் சிமென்டின் தாராளமும் இல்லாததால், அதே கவனக்குறைவை நாமினல் மிக்ஸ் சற்றே அதிகம் தாங்கும். இந்த வாதத்தைப் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது.

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம்

மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில் கேள்வி வேறு. கடற்கரைச் சூழலுக்கு வெளிப்படும் கான்கிரீட்டை ஐ.எஸ். 456 கடுமையான சூழலில் சேர்க்கிறது. எம்30, நீர் விகிதம் 0.45, சிமென்ட் குறைந்தது 320 கிலோ, கம்பிக்கு மேல் உறை 45 மில்லிமீட்டர். உப்புக்காற்றிலிருந்து மறைந்த உட்பகுதிகளுக்குக்கூட எம்25. ஆகவே கடற்கரை வீட்டில் கம்பி கட்டிய எந்தப் பகுதிக்கும் நாமினல் மிக்ஸுக்கு இடமில்லை.

காரணம் வலிமையல்ல. ஒரு மாடி வீட்டின் பாரத்தை எம்20 எளிதாகவே தாங்கும். தண்ணீர் அதிகமான கான்கிரீட்டில் நுண்துளைகள் தொடர்ந்து அமைகின்றன. அவற்றின் வழியே குளோரைடு கம்பியைத் தொட்டுவிட்டால் துரு பெருகி, உறையை உள்ளிருந்து பிளந்து தள்ளும். சன்ஷேடின் அடியில் கம்பியோட்டத்திலேயே நீளமாக விரிசல் விழுந்து பழுப்புக் கறை இறங்கினால் நோய் இதுதான்.

தண்ணீரைக் குறைக்கும் மருந்து இல்லாமல் 0.45-க்கு இறங்கினால் 438 கிலோ சிமென்ட் வேண்டும். சூப்பர் பிளாஸ்டிசைசரால் தண்ணீரை இருபது சதவீதம் குறைத்தால் 350 கிலோவில் முடியும். டிசைன் மிக்ஸ் சந்தேகமின்றிச் செலவையும் குறைப்பது இங்கேதான். ஆனால் எந்த வடிவமைப்பும் காப்பாற்ற முடியாத ஒன்று கலக்கும் தண்ணீர். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது. கடலோர ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்த்தால், சோதிக்காமல் அதில் கலப்பது கம்பியின் பக்கத்திலேயே உப்பை வைத்துப் பூசுவதாகும். நீராற்றும் தண்ணீருக்கும் இது பொருந்தும்.

இடைப்பட்ட வழிகள்

ரெடிமிக்ஸ் வாங்கினால் வடிவமைப்பும் எடையளவும் ஆலையின் பொறுப்பு. ஆனால் லாரியில் ஏற்றிய இரண்டு மணி நேரத்துக்குள் கான்கிரீட் இறங்க வேண்டும் என்பது விதி. ஆலை தொலைவில், தெரு குறுகல், தேவை 7 கன மீட்டர் மட்டும் என்றால் பலருக்கு அது எட்டுவதில்லை. வந்து சேர்ந்த வண்டியில் இளக்கத்துக்காகத் தண்ணீர் ஊற்றினால் கொடுத்த பணம் அந்த நிமிடமே வீணாகும்.

மற்றொரு கட்டுநர் வைத்திருக்கும் டிசைன் தாளை நகலெடுப்பதும் நடக்கிறது. கிரஷர், சிமென்ட் வகை, மருந்து மூன்றும் ஒன்றாக இருந்தால் அது ஓரளவு நியாயம். ஒன்று மாறினாலும் அது நாமினல் மிக்ஸைவிட மோசம், ஏனெனில் அதற்குரிய சிமென்ட் தாராளம் இதில் இல்லை. பிரிட்டனின் பி.எஸ். 8500 சிறு வேலைகளுக்கென எடையில் நிர்ணயித்த தயார் கலவைகளை வைத்திருக்கிறது. நம் மாவட்டக் கல்லுக்கும் எம் சாண்டுக்கும் அப்படி ஒரு பொதுத்தாள் இருந்தால் இந்த நகலெடுப்புக்குத் தேவை இராது.

தீர்ந்ததும் தீராததும்

இவற்றையெல்லாம் எடைபோட்டால் சில இடங்களில் ஐயமில்லை. அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் 1:4:8 படுகை, தரைக்கு அடியிலான கான்கிரீட், சுவர் அடித்தளம் ஆகியவற்றுக்கு நாமினல் மிக்ஸ் போதும், வடிவமைப்பு வீண். உள்நாட்டில், மூடிய தளத்துக்கும் உட்புறத் தூண் பீமுக்கும் எம்20 நாமினல் மிக்ஸ் ஏற்கத்தக்கது, ஆனால் அளவுப்பெட்டி, உப்புதல் சோதனை, 27.5 லிட்டர் வரம்பு மூன்றும் இருந்தால் மட்டும். மண்ணுக்குள்ளிருக்கும் உறுப்புகளுக்கு விதியின் எழுத்து எம்25 என்பதால், ஒரே தாளில் வீடு முழுவதற்கும் எம்25 டிசைன் மிக்ஸ் வைத்துக்கொள்வது நடைமுறைக்கும் எளிது. கடற்கரையில் விவாதமே இல்லை.

தீராதவையும் உண்டு. கடற்கரைப் பகுதி என்பது எத்தனை கிலோமீட்டர் வரை என்று ஐ.எஸ். 456 சொல்லவில்லை. ஆவுடையார்கோவில் வட்டத்தின் உட்கிராமம் எதில் சேரும் என்பது பொறியாளரின் மதிப்பீட்டுக்கே விடப்பட்டிருக்கிறது. தட்டோடு பதித்த மொட்டைமாடி உண்மையிலேயே மழையிலிருந்து மறைந்ததா என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை, ஓட்டின் இணைப்பு விட்டுப்போன பல மாடிகள் அதைச் சந்தேகிக்கவே வைக்கின்றன. சோதனை விதியும் சிறு வேலைக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. 6 முதல் 15 கன மீட்டர் வரை இரண்டு மாதிரி, ஆறு கனசதுரம் போதும் என்கிறது. ஏற்பு விதியோ நான்கு அடுத்தடுத்த மாதிரிகளின் சராசரியைக் கேட்கிறது. ஒரே தளம் போடும் வீட்டில் அந்தச் சராசரி எங்கிருந்து வரும்? அறிக்கை வரும் 28-ஆம் நாள் தளத்தின் மேல் சுவர் எழும்பியிருக்கும்.

அதுவரை வீட்டுக்காரர் கையிலிருக்கும் மலிவான சோதனை காலிச் சாக்கை எண்ணுவதுதான். 7 கன மீட்டர் தளம் 49 மூட்டைக்குப் பதில் 40-ல் முடிந்திருந்தால், விழுந்தது 1:1½:3 அல்ல, 1:2:4. கான்கிரீட் போடும் நாளில் மூட்டை எண்ணிக்கையையும் ஒவ்வொரு மிக்சருக்கும் ஊற்றிய தண்ணீரையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.